கேத வீட்டில் ஒரு நண்பர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு நேரம். நெருங்கிய சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறீர்கள். அவள் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள். அப்போதிலிருந்து நீங்கள் எழுந்து வெளியே வரும் வரைக்கும் உள்ள அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நோய் முற்றியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றில் நீண்ட காலம் வேலை செய்தவள் நான். நோயாளி இறந்த பிறகும் அந்த வீட்டுக்கு ஒன்றிரண்டு முறை போய் வருவது எங்கள் குழுவின் வழக்கம். அதனால் கேதம் கேட்க வருகிறவர்களை ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு நிறையக் கிடைத்தது. வராதவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். "அவ வருவான்னு நினைச்சேன். பதினாறு வருஷ சிநேகிதம். எட்டிக்கூடப் பார்க்கலை" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வராத சிநேகிதிகளில் சிலரை நான் வெளியே சந்தித்ததும் உண்டு. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. "போயி என்ன சொல்றதுன்னு தெரியலை, அதான் போகலை" என்பார்கள். முதல் நாள் தயக்கம், பத்து நாளில் குற்ற உணர்ச்சியாகிறது. மூன்று மாதத்தில், கடைத்தெருவில் எதிரே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரு சாவில் இரண்டு உறவு போகிறது.

இவர்களுக்கு உண்மையிலேயே என்ன சொல்வது என்று தெரியாதா? தெரியும் என்கிறது ஓர் ஆய்வு. டேரின் லேமன், ஜான் எல்லார்ட், கமில் வோர்ட்மன் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் நடத்தி 1986-இல் வெளியிட்டது. சாலை விபத்தில் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ இழந்தவர்களிடம், விபத்து நடந்து சில ஆண்டுகள் கழித்து, "மற்றவர்கள் சொன்னதிலும் செய்ததிலும் எது உங்களுக்கு உதவியது, எது உதவவில்லை?" என்று கேட்டார்கள். அறிவுரை சொன்னதும், சீக்கிரம் தேறிவிடச் சொல்லி ஊக்கப்படுத்தியதும் உதவவில்லை என்றார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல இடம் கொடுத்ததும், இதே இழப்பைச் சந்தித்தவர்களோடு பேச முடிந்ததும் உதவின என்றார்கள். அடுத்து, அப்படிப்பட்ட இழப்பு எதையும் சந்திக்காத சாதாரண மக்களிடம், "இப்படி ஒருவரைப் பார்க்கப் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. துக்கத்தில் இருந்தவர்கள் எவையெல்லாம் உதவின என்றார்களோ அவற்றையே இவர்களும் சொன்னார்கள்.

அப்படியென்றால் நிஜ வீட்டில் மட்டும் ஏன் தவறிப்போகிறது? நேருக்கு நேர் நிற்கும்போது எழும் பதற்றம்தான் தெரிந்ததையும் செய்யவிடாமல் தடுக்கிறது என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். நான் பார்த்தவரை அது முற்றிலும் சரி. வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது நமக்கு நிதானம் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் நம் தொண்டை அடைக்கிறது. இந்த அழுகை நின்றால் போதும் என்று உடம்பு தவிக்கிறது. அந்தத் தவிப்பில்தான் வாயில் இருந்து சில வாக்கியங்கள் தானாக விழுகின்றன. "அழாதே." "விதி முடிஞ்சிருச்சு, யாரு என்ன பண்ண முடியும்?" "கஷ்டப்படாமப் போயிட்டாரு, கொடுத்து வச்சவரு." "பிள்ளைகளுக்காக நீ தைரியமா இருக்கணும்." "எங்க சித்தப்பாவும் இப்படித்தான், ஒரே நாள்ல..."

இந்த வாக்கியங்களைச் சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இவை எல்லாமே பேச்சை முடித்து வைக்கும் வாக்கியங்கள். "விதி" என்ற பிறகு அவள் மேற்கொண்டு எதைச் சொல்வாள்? "தைரியமா இரு" என்ற பிறகு அழுவது அவள் செய்யும் பிழை போல ஆகிவிடுகிறது. சித்தப்பா கதை தொடங்கியதும் அவள் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறாள். நான் பயிற்சிக்கு வரும் தொண்டர்களிடம் ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: நான் இப்போது சொல்லப்போகும் வாக்கியம் யாருடைய தவிப்பைக் குறைக்கிறது, அவளுடையதையா, என்னுடையதையா?

விவிலியத்தில் யோபுவின் கதையில் இது அப்படியே நடக்கிறது. பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, இந்தத் துன்பம் ஏன் வந்தது என்று காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள். அங்கிருந்துதான் அவனுக்கு அவர்கள் பாரமாகிறார்கள். துக்க வீட்டில் இருப்பவர் முதலில் பேசும் வரை வந்தவர் பேசக் கூடாது என்ற யூத வழக்கத்துக்கு இந்தக் கதையே அடிப்படை.

நம் பக்கத்து வழக்கத்திலும் பேச்சுக்கு அதிக இடம் இல்லை. தென்மாவட்டங்களில் ஆண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டுவார், அவர்கள் அந்தக் கையைத் தொடுவார்கள். பெண்கள் உள்ளே போய்த் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். என்ன சொல்வது என்று யாரும் யோசிக்க வேண்டியதே இல்லாமல், உடம்பு செய்ய வேண்டியதை வழக்கமே சொல்லிக் கொடுத்தது. இன்று மின்மயானத்தில் காரியம் முடிந்து, அடுக்குமாடி வீட்டின் சோபாவில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த வழி இல்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. வார்த்தையின் மேல் முழுப் பாரமும் விழுகிறது.

இனி ஒரு வீட்டுக்குள் போவோம். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். செல்விக்கு நாற்பத்து மூன்று வயது. அவருடைய மாமியாருக்குப் புற்றுநோய் வந்தபோது நாங்கள் போய்ப் பார்த்த வீடு அது. மாமியார் இறந்து இரண்டு வருடம் கழித்து, கணவர் பாண்டியன் ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். தச்சுப்பட்டறை வைத்திருந்தவர். நான் நான்காம் நாள் மதியம் போயிருந்தேன். அப்போது திண்டுக்கல்லில் இருந்து செல்வியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி மல்லிகா வந்தார். அந்தப் பெண் செய்ததை நான் இன்றுவரை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மணிக்கு வந்தார், கூட்டம் குறைந்திருக்கும் நேரம். செல்வி உள்ளறையில் பாயில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மல்லிகா நாற்காலியை வாங்கிக்கொள்ளவில்லை. அதே பாயில், எதிரே உட்காராமல் பக்கத்தில், தோள் தொடும்படி உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்க்கப்படுகிறவர் எதையாவது காட்டியாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கலாம், பேசாமல் இருப்பது சங்கடமாகத் தெரியாது. செல்வியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை வறண்ட கண்ணோடு இருந்த செல்வி வெடித்து அழத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 1942 நவம்பரில் பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் சிலவற்றையும், வேறு விதங்களில் உறவினரை இழந்தவர்களையும் கவனித்து, எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944-இல் ஒரு கட்டுரை எழுதினார். துக்கம் அலையலையாக வருகிறது, ஒவ்வோர் அலையும் இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கிறது என்று அதில் பதிவு செய்தார். தொண்டை இறுகும், மூச்சு முட்டும், பெருமூச்சு வரும், வயிறு காலியாக இருப்பது போல இருக்கும், கைகால் சோர்ந்துவிடும். இன்னொன்றையும் கவனித்தார். யாராவது பார்க்க வந்தால், இறந்தவரின் பெயரைச் சொன்னால், பரிவு காட்டினால் அந்த அலை எழும். அதனாலேயே சிலர் வருகிறவர்களைத் தவிர்க்கிறார்கள்.

இது தெரிந்தால் இரண்டு காரியங்கள் எளிதாகின்றன. உங்களைப் பார்த்ததும் சிநேகிதி உடைந்து அழுதால், ஐயோ நான் வந்து அழ வைத்துவிட்டேனே என்று பதற வேண்டியதில்லை. அந்த அழுகை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, உங்கள் முன்னால் அது வெளியே வர முடிந்தது. இரண்டாவது, அலை என்றால் அது இறங்கும். பத்து நிமிடம் இருந்துவிட்டு, அழுகை உச்சத்தில் இருக்கும்போது தாங்க முடியாமல் எழுந்து போனால், அவளை அந்த உச்சத்தில் தனியே விட்டுப் போகிறீர்கள். அது இறங்கும் வரை உட்கார்ந்திருக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். அடுத்த பஸ்ஸைப் பார்க்காதீர்கள், கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள்.

மல்லிகாவும் அழுதார். நண்பர் அழலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக அழலாம். துக்கத்தில் இருப்பவர் எழுந்து உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி ஆகாமல் இருந்தால் சரி. கொஞ்சம் அடங்கியதும் மல்லிகா சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைடி. பாண்டியண்ணன் செத்துட்டாருங்கிறதை நம்பவே முடியலை. உன் பக்கத்துல உட்காரத்தான் வந்தேன்."

என்ன சொல்வது என்று தெரியாதவர் அதையே சொல்லிவிட்டார். ஒரு பெரிய வார்த்தையைத் தேடும் வேலை அங்கே முடிந்துவிட்டது. இறந்தவரை உறவு சொல்லி, பெயர் சொல்லி அழைத்தார். செத்துவிட்டார் என்பதை மறைக்காமல் சொன்னார். நான்கு நாளாக அந்த வீட்டில் எல்லோரும் "இப்படி ஆயிப்போச்சே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பெயரைச் சொன்னால் செல்வி உடைந்துவிடுவார் என்ற பயம். பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னார்: பக்கத்தில் உட்கார. அதனால் செல்விக்குத் தேறிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது.

ஒரு பெரியம்மா காபி கொண்டுவந்தார். "போதும்டி, அழுது அழுது உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்றார். மல்லிகா பெரியம்மாவோடு வாதாடவில்லை. டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார், செல்வியின் கையை விடவில்லை. பெரியம்மா நகர்ந்த பிறகு கேட்டார், "அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு? சொல்லணும்னு இருந்தா சொல்லு."

செல்வி சொல்லத் தொடங்கினார். வந்தவர்களிடமெல்லாம் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். இப்போது விரிவாகச் சொன்னார். நாலரை மணிக்கு எழுந்து நெஞ்சு எரியுது என்றார். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் இளஞ்சிவப்பு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். போய்ப் படுங்க என்றேன். ஐந்தரைக்குக் காபி கொண்டுபோனேன்... செல்வி அங்கே நிறுத்திவிட்டார். அறை வாசலில் இருந்து பெரியம்மா, "அதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைக்கக் கூடாது" என்றார். செல்வி வாயை மூடிக்கொண்டார். மல்லிகா மெதுவாக, "சொல்லு. பாதியில விட்டுட்ட" என்றார். செல்வி சொன்னார், "நான்தான் கொன்னுட்டேன். அப்பவே ஆட்டோ பிடிச்சிருந்தா பிழைச்சிருப்பாரு."

துக்க வீட்டில் நண்பருக்கு மிகக் கடினமான இடம் இதுதான். "சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதே" என்று உடனே சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அப்படிச் சொன்னால் குற்ற உணர்ச்சி போகாது. அதைச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் அவள் கற்றுக்கொள்வாள். இரவில் தனியே கிடந்து அதையே அரைத்துக்கொண்டிருப்பாள். மல்லிகா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டார்.

"அவரு அப்ப என்ன சொன்னாரு?"

"நெஞ்சு எரியுதுன்னாரு. எப்பவும் சொல்ற மாதிரிதான்."

"முன்னாடி அப்படிச் சொன்னப்ப என்ன பண்ணுவ?"

"இதே மருந்துதான் குடுப்பேன். போன மாசங்கூட."

"சரியாப் போயிருச்சா?"

"ம்."

"அப்ப அன்னைக்கும் உனக்குத் தெரிஞ்சதை வச்சு அவரைப் பார்த்துக்கிட்டிருக்க."

செல்வி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மல்லிகாவும் ஒப்புக்கொள்ள வைக்க முயலவில்லை. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லா அறிகுறியும் பளிச்சென்று தெரியும். முடிவு தெரியாத நாலரை மணியில் அந்த அறையில் என்ன தெரிந்திருந்தது என்பதை அவரே தன் வாயால் சொல்லும்படி கேட்டதுதான் இங்கே நடந்தது. மாரடைப்பின் வலி நெஞ்செரிச்சல் போலவே இருக்கக்கூடும். ஈசிஜி எடுக்காமல் மருத்துவர்களாலேயே பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த உண்மையைப் பிற்பாடு நான் செல்வியிடம் சொன்னேன். அன்று முதலிலேயே சொல்லியிருந்தால் அதுவும் வாயடைக்கும் பதிலாகவே ஆகியிருக்கும். சொன்ன உண்மை உள்ளே போக, முதலில் அவர் பேசி முடித்திருக்க வேண்டும்.

ஒருவேளை உண்மையிலேயே ஏதோ தவறு நடந்திருந்தால்? மருந்து மாறிப்போனது, வண்டி ஓட்டியவரே பிழைத்துக்கொண்டது, இப்படியும் வீடுகள் உண்டு. அங்கே "உன் மேல தப்பே இல்லை" என்பது பொய், அவளுக்கும் அது பொய் என்று தெரியும். "இதை நீ தூக்கிட்டு அலையுற. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்ற அளவில் நிற்பதே நண்பருடைய வேலை. தீர்ப்பும் மன்னிப்பும் நம் கையில் இல்லை.

அப்புறம் அந்த அறையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த இளஞ்சிவப்பு மருந்தைப் பாண்டியன் மூடியில் அளந்து குடிக்காமல் பாட்டிலோடு அண்ணாந்து ஊற்றிக்கொள்வாராம், மீசையெல்லாம் ரோஸாகிவிடுமாம். சொல்லிக்கொண்டே செல்வி சிரித்துவிட்டார். மல்லிகாவும் சிரித்தார். வெளியில் இருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். துக்கத்தில் இருப்பவர் இழப்புக்குள் போவதும், அதை விட்டு விலகி அன்றாட வாழ்க்கைக்குள் வருவதுமாக மாறி மாறிப் போய் வருகிறார், இந்தப் போக்குவரத்துதான் தேறுவதற்கான வழி என்றார்கள். எந்தப் பக்கம் எப்போது போவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவள் அழும்போது பேச்சை மாற்றுவது எவ்வளவு தவறோ, அவள் கரண்ட் பில்லைப் பற்றியோ மகளின் பரீட்சையைப் பற்றியோ பேசும்போது மறுபடி துக்கத்துக்கு இழுப்பதும் அவ்வளவு தவறு.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நீ இப்போது கோபப் படியில் இருக்கிறாய் என்று விளக்குபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அந்த ஐந்தை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. துக்க வீட்டுக்கு அந்த அளவுகோலை எடுத்துப் போகாதீர்கள்.

எழுந்து போகும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், மல்லிகா அதற்கு வெகு முன்பே, பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை மதியம் வருவேன். சோறாக்கிக் கொண்டாருவேன். பேசணும்னு இல்லை, சும்மா இருக்கலாம்." நாலேகாலுக்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

"எதுனாலும் வேணும்னா சொல்லு" என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. தெரிந்தாலும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். நாள், நேரம், செய்யப்போகும் காரியம் மூன்றையும் நாமே சொல்லி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மட்டும் அவரிடம் விட வேண்டும். செல்வியின் வீட்டில் அடுத்த வாரங்களில் மல்லிகா எடுத்துக்கொண்ட வேலை காகித வேலை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு வங்கியில் இழுத்தடிப்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ஒவ்வொரு கவுன்டரிலும் "என்ன ஆச்சு? எப்ப இறந்தாரு?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அலை எழும். அந்த வரிசையில் உடன் நின்றவர் மல்லிகா. கேட்டவர்களுக்குப் பதிலும் அவரே சொன்னார். சாவு வீட்டுப் பாயில் உட்கார்ந்தது எவ்வளவு பெரிய ஆறுதலோ, அந்த வரிசையில் நின்றதும் அவ்வளவு பெரிய ஆறுதல் என்று செல்வி என்னிடம் சொன்னார்.

ஆண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. மனைவியை இழந்தவரிடம்கூட "பந்தல் எப்பப் பிரிக்கிறீங்க, சமையலுக்கு யாரு" என்றுதான் கேட்கிறோம். கட்டிப்பிடித்து அழ அவருக்கு வட்டமும் இல்லை. உள்ளறையில் எதிரே உட்காரவைத்து மனதைத் திறக்கச் சொன்னால் பெரும்பாலானவர் திறக்க மாட்டார்கள். நடக்கும்போது பேசுவார்கள். "வாடா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று கூட்டிப்போய், திரும்பும்போது கொஞ்சம் சுற்றுவழியில் நடந்தால் போதும். இருட்டில், பக்கவாட்டில், முகம் தெரியாத நடையில் "அன்னிக்கு ஐசியூல என்னடா நடந்துச்சு?" என்று நண்பன் கேட்ட ஒரு கேள்வியில், பதினாறாம் நாள்வரை கண்ணீர் விடாத ஒருவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுததாக அந்த நண்பரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வார்த்தை வராத ஆணுக்குத் தோளில் வைத்த கை போதும். எடுக்க அவசரப்படாதீர்கள்.

ஒரு வீட்டில் மட்டும் "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். தற்கொலை நடந்த வீட்டில். அங்கே அந்தக் கேள்வியைப் போலீஸ் கேட்டிருக்கும், தெரு கேட்டிருக்கும், உறவு கேட்டிருக்கும். காரணம் தேடும் ஒவ்வொரு கேள்வியும் அவர்கள் காதில் பழியாகத்தான் விழும். அங்கே இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள். "அவன் சின்ன வயசுல எப்படி இருப்பான்?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கடைசி நாளாகச் சுருங்கிவிடாமல் இருக்க அந்தக் கேள்வி உதவும். குறைப்பிரசவத்திலோ பிறந்தவுடனோ குழந்தையை இழந்தவர்களிடம் "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று யாரும் சொல்லாதீர்கள். பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்டு, வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

துக்கத்தில் "நானும் போயிடலாம்னு இருக்கு" என்று சொல்லாதவர் குறைவு. பெரும்பாலும் அது இறந்தவரோடு இருக்க வேண்டும் என்ற ஏக்கம். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். "செத்துப் போகணும்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வழியை யோசித்து வைத்திருக்கிறார் என்றால், அல்லது நகைகளைப் பிரித்துக் கொடுப்பது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைப்பது போலப் பேசினால், தனியே விடாமல் வீட்டாரிடம் சொல்லி அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம். ஒரு வருடம் கடந்தும் முதல் வாரத்தைப் போலவே எதுவும் செய்ய முடியாமல் கிடந்தால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. நண்பரின் பொறுமையால் மட்டும் அது தீராது.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் வீடு வெறிச்சோடிவிடும். சொந்தபந்தம் ஊருக்குப் போய்விடும். அதுவரை அடுத்த வீட்டிலிருந்து வந்த சாப்பாடு நின்றுவிடும். முதல் முறையாக ஒருவருக்குக் குறைவாக அரிசி போட வேண்டியிருக்கும். நான் பார்த்த பல வீடுகளில் அந்தப் பதினேழாம் நாள்தான் முதல் நாளைவிட மோசமாக இருந்தது. அப்புறம் வரிசையாக நாட்கள் வருகின்றன: அவர்களுடைய கல்யாண நாள், இறந்தவரின் பிறந்த நாள், பலகாரம் சுடாத முதல் தீபாவளி, தலை திவசம். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு அன்று போய் நிற்பவர்தான் நண்பர். போய், "இன்னைக்குப் பாண்டியண்ணன் பொறந்த நாள், அதான் வந்தேன்" என்று சொன்னால் போதும். நினைவுபடுத்திவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அவள் காலையில் கண் விழித்ததே அந்த நினைவோடுதான்.

இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பலருக்கு, போக வேண்டும் என்று நினைத்துப் போகாமல் விட்ட ஒரு வீடு இருக்கும். நாள் கடந்துவிட்டது, இனி என்ன முகத்தோடு போவது என்று தோன்றலாம். ஆறு மாதம் ஆகியிருந்தாலும் இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் போகலாம். "அப்ப வரணும்னு நினைச்சேன், என்ன சொல்றதுன்னு தெரியாம வராம இருந்துட்டேன். இப்ப வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். மதியம் மூன்று மணி நல்ல நேரம்.